மின்சாரம் போனாலும் ரவுட்டர் அணையாமல் இருக்க: வோல்ட், நேர்–மறை, செருகி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒட்டுசுட்டான், மாங்குளம், மல்லாவிப் பக்கத்து வீடுகளுக்கு ரவுட்டருக்கான சிறு பற்றரிப் பெட்டிகளைப் பொருத்திக் கொடுத்து வருகிறேன். பொருத்துவது ஐந்து நிமிட வேலை. ஆனால் அதற்கு முன் பார்க்கவேண்டிய வோல்ட், நேர்–மறை என்ற இரண்டு விடயங்களைப் பார்க்காமல் விட்டதால் செத்துப்போன ரவுட்டர்கள் என் மேசையில் குவிந்துவிட்டன. வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதியிருக்கிறேன்.

பற்றரி போட்டுவிட்டால் கரண்ட் இல்லாத நேரத்திலும் இணையம் கட்டாயம் வருமா?

உங்கள் வீட்டுக்கு இணையம் எந்த வழியாக வருகிறது என்பதைப் பொறுத்தது. ஃபைபர் இணைப்பு என்றால் நிலைமை மிக நல்லது. தொலைபேசி நிலையத்திலிருந்து உங்கள் வீடு வரைக்கும் வருவது வெறும் ஒளி. வழியில் கம்பத்தில் தொங்கும் பிரிப்புப் பெட்டிக்கு மின்சாரமே தேவையில்லை. நிலையத்தில் பற்றரியும் ஜெனரேட்டரும் இருக்கும். ஆகவே உங்கள் வீட்டு ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் உயிரோடு இருந்தால் இணையமும் பெரும்பாலும் இருக்கும்.

வன்னியில் பல வீடுகளில் இருப்பது சிம் போட்ட 4ஜி ரவுட்டர். அதற்கு எதிர்முனை கோபுரம். கோபுரத்தின் பற்றரி சில மணிநேரம்தான் தாங்கும், அதன் பிறகு உங்கள் ரவுட்டர் எரிந்துகொண்டிருந்தாலும் பயன் இல்லை. பெட்டி வாங்குவதற்கு முன் காசு செலவில்லாமல் இதைச் சோதிக்கலாம். அடுத்த முறை மின்சாரம் போகும்போது அதே நிறுவனத்தின் சிம் உள்ள கைபேசியில் டேட்டாவைப் போட்டுப் பாருங்கள். இரண்டு மணிநேரம் கழித்தும் அது ஓடினால் ரவுட்டரும் ஓடும். அரை மணியில் சிக்னல் போய்விட்டால் பற்றரிக்குச் செலவழிக்க வேண்டாம். 2022 மார்ச் இறுதியில் 13 மணிநேரம் வரை வெட்டினார்களே, அப்படிப்பட்ட நாட்களைக் கணக்கில் வைத்து யாரும் பெட்டி வாங்கத் தேவையில்லை. இரண்டு மூன்று மணிநேரத் தடையைத் தாண்டுவதற்கு வாங்குங்கள்.

கடையில் பல விதமான பெட்டிகள் இருக்கின்றன. என் ரவுட்டருக்கு எது பொருந்தும் என்று எப்படிப் பார்ப்பது?

ரவுட்டரோடு வந்த அடப்டரைக் கழற்றி அதன் முதுகைப் பாருங்கள். எழுத்து மிகச் சிறியது. கைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கினால் தெளிவாகத் தெரியும். இப்படி இரண்டு வரிகள் இருக்கும்:

```
INPUT: 100-240V~ 50/60Hz 0.5A
OUTPUT: 12V ⎓ 1.0A
```

முதல் வரி சுவரிலிருந்து உள்ளே வருவது, அதை விட்டுவிடுங்கள். இரண்டாவது வரிதான் ரவுட்டருக்குப் போவது. இங்கே 12 வோல்ட், 1 அம்பியர். நடுவில் ஒரு முழுக்கோடும் அதன் கீழ் விட்டுவிட்டு மூன்று கோடுகளும் இருந்தால் அது நேரோட்ட மின்சாரம், அதாவது டிசி.

வோல்ட் அதே எண்ணாக இருக்கவேண்டும். 12 என்றால் 12, 9 என்றால் 9. அம்பியர் அப்படியல்ல. ரவுட்டர் 1 அம்பியர் கேட்டால் 2 அம்பியர் தரக்கூடிய பெட்டி தாராளமாகப் பொருந்தும். "2 அம்பியர் போட்டால் ரவுட்டர் எரிந்துவிடுமா" என்று பலர் பயப்படுகிறார்கள். குளத்தில் எவ்வளவு தண்ணீர் நின்றாலும் துருசைத் திறந்த அளவுதான் வாய்க்காலில் பாய்கிறது. அதுபோல ரவுட்டர் தனக்கு வேண்டியதை மட்டும் இழுத்துக்கொள்ளும். குளத்தின் நீர்மட்டம் அணைக்கட்டின் உயரத்தை மீறினால்தான் ஆபத்து. அந்த நீர்மட்டம்தான் வோல்ட்.

அடப்டர் தொலைந்துவிட்டால் ரவுட்டரின் அடிப்பக்கத்து ஸ்டிக்கரைப் பாருங்கள். அங்கும் இல்லையென்றால் துளைக்குப் பக்கத்தில் பொறித்திருப்பார்கள். எங்கும் இல்லையென்றால் ஊகித்துச் செருகவேண்டாம். அதே மாதிரி எண்ணுள்ள ரவுட்டர் வைத்திருக்கும் ஒருவரைக் கண்டுபிடித்து அவருடைய அடப்டரைப் பாருங்கள்.

வோல்ட்டும் சரி, செருகியும் சரியாக உள்ளே போகிறது. பிறகும் நேர்–மறை பார்க்க வேண்டுமா?

கட்டாயம் பார்க்கவேண்டும். குழாய் போன்ற அந்த வட்டச் செருகிக்கு இரண்டு தொடுமுனைகள் உண்டு. ஒன்று உள்ளே, நடுத் துளையில். மற்றது வெளிச் சட்டை. எது நேர், எது மறை என்பதைச் செருகியின் வடிவம் சொல்லாது. நேரும் மறையும் மாறியிருந்தாலும் செருகி அதே சுகமாகத்தான் உள்ளே போகும்.

எனக்கு இது தெரியவந்தது ஓர் இழப்பில். ஆறேழு வருடங்களுக்கு முன் பக்கத்து வீட்டு அக்காவின் 9 வோல்ட் ரவுட்டருக்கு, பல வோல்ட்டுகளுக்கு மாற்றக்கூடிய ஒரு பொது அடப்டரைக் கொடுத்தேன். வோல்ட்டைச் சரியாக 9 இல் வைத்தேன். அந்த வகை அடப்டரின் நுனியைக் கழற்றித் திருப்பிப் போட முடியும், திருப்பினால் நேரும் மறையும் மாறும். யாரோ ஏற்கெனவே திருப்பி வைத்திருந்ததை நான் பார்க்கவில்லை. செருகிய கணத்தில் எந்த வெளிச்சமும் வரவில்லை. சில நொடிகளில் கருகிய நாற்றம் வந்தது. திறந்து பார்த்தபோது துளைக்கு அருகே அரிசி அளவான ஒரு கறுப்புப் பாகம் வெடித்துப் பிளந்திருந்தது. அக்காவின் மகளுக்கு மறுநாள் வகுப்பு. அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சில ரவுட்டர்களில் இப்படி மாறிப் போனால் தடுக்கும் டயோடு இருக்கும். எல்லாவற்றிலும் இருக்காது. வெளியிலிருந்து பார்த்து அதைச் சொல்லவும் முடியாது.

பார்ப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி, அடப்டரிலும் ரவுட்டரிலும் உள்ள சிறு படம். நடுவில் ஒரு புள்ளி, அதைச் சுற்றி திறந்த வளையம். இருபுறமும் கூட்டல், கழித்தல் குறிகள். கூட்டல் குறியிலிருந்து வரும் கோடு நடுப் புள்ளியைத் தொட்டால் நடு நேர். வளையத்தைத் தொட்டால் நடு மறை. இன்றைய ரவுட்டர்களில் பெரும்பாலானவை நடு நேர்தான். பற்றரிப் பெட்டிகளும் அப்படியே. ஆனாலும் "பெரும்பாலும்" என்பதை நம்பி நான் இப்போது எதையும் செருகுவதில்லை.

இரண்டாவது வழி மல்டிமீற்றர். சாதாரணமானதே போதும். குமிழை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். பற்றரிப் பெட்டியை எதனோடும் இணைக்காமல் இயக்குங்கள். சிவப்பு ஊசியின் நுனியைச் செருகியின் நடுத் துளைக்குள் விடுங்கள், கறுப்பு ஊசியை வெளிச் சட்டையில் தொடுங்கள். சிவப்பு ஊசி நடுவையும் சட்டையையும் ஒன்றாகத் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். திரையில் 12.1 என்று வந்தால் நடு நேர். –12.1 என்று முன்னால் கழித்தல் குறியோடு வந்தால் நடு மறை. பிறகு ரவுட்டரின் பழைய அடப்டரையும் அதே மாதிரி அளங்கள். இரண்டிலும் குறி ஒன்றாகவும் எண் ஏறத்தாழ ஒன்றாகவும் இருந்தால் மட்டுமே செருகுங்கள்.

அளந்து பார்த்தேன் அண்ணா, 12 வோல்ட் என்று எழுதிய பழைய அடப்டரில் 16 காட்டுகிறது. மீற்றர் பிழையா?

மீற்றர் சரி. கையில் தூக்கினால் செங்கல் போல் கனக்கும் பழைய வகை அடப்டராக இருக்கும். உள்ளே செம்புக் கம்பிச் சுருள் உண்டு, வோல்ட்டைச் சீராக்கும் பாகம் கிடையாது. சுமை இல்லாமல் அளந்தால் 15, 16 என்று காட்டும், சுமை ஏறியதும் 12க்கு இறங்கும். அதைப் பற்றரிப் பெட்டிக்கு உள்ளீடாகக் கொடுக்கவேண்டாம். எடை குறைந்த புதிய வகை அடப்டர் சுமை இல்லாமலே 12.0 முதல் 12.4 வரை காட்டும்.

அளந்தபோது டிசியில் பூச்சியம் காட்டி, முதுகில் OUTPUT வரியிலும் `~` குறி இருந்தால் அது ஏசி அடப்டர். சில பழைய தொலைபேசி வழி மோடம்களுக்கு அப்படித்தான் வந்தது. அந்த மோடத்துக்கு இந்தப் பற்றரிப் பெட்டிகள் எதுவும் சரிவராது.

செருகி உள்ளே போகிறது, ஆனால் வயரில் கை பட்டாலே ரவுட்டர் அணைந்து எரிகிறது. ஏன்?

நடுத் துளையின் அளவு பொருந்தவில்லை. வெளி விட்டம் 5.5 மில்லிமீற்றர் உள்ள செருகிகள் இரண்டு வகை. ஒன்றின் நடுத் துளை 2.1 மில்லிமீற்றர், மற்றதில் 2.5. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ரவுட்டரின் ஊசி 2.5 ஆக இருந்து செருகி 2.1 ஆக இருந்தால் உள்ளே போகவே போகாது, தவறு உடனே தெரிந்துவிடும். ஊசி 2.1 ஆக இருந்து செருகி 2.5 ஆக இருந்தால் உள்ளே போய்விடும், ஆனால் ஊசியைப் பிடிக்காது. பூனை நடந்து போனாலும் தொடர்பு விடும். மடித்த தகரத்தைச் சொருகி இறுக்கிப் பார்க்கிறார்கள், அது நேரும் மறையும் தொட்டுக்கொள்ள வழி செய்யும். சரியான செருகியோடு சிறு இணைப்பு வயர் கிடைக்கும். பெட்டியையும் ரவுட்டரையும் கையோடு கொண்டுபோய்க் கடையில் செருகிப் பார்த்து வாங்குங்கள்.

பெட்டியில் 10,400 என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. எத்தனை மணிநேரம் தாங்கும்?

அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்லமுடியாது. 10,400 மில்லி அம்பியர் மணி என்பது உள்ளே இருக்கும் லிதியம் செல்களின் கணக்கு. செல்லின் வோல்ட் 3.7, உங்கள் ரவுட்டருக்குப் போவதோ 12. இரண்டையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவர வாட்–மணிக்கு மாற்றவேண்டும்.

மாங்குளத்தில் என் அக்கா வீட்டில் செய்ததை அப்படியே சொல்கிறேன். 4ஜி ரவுட்டர், 12 வோல்ட் 1 அம்பியர், 5.5/2.1 செருகி, நடு நேர். முதலில் ரவுட்டர் உண்மையில் எவ்வளவு இழுக்கிறது என்று பார்த்தேன். மீற்றரை 10 அம்பியர் துளைக்கு மாற்றி, நேர் வயரின் நடுவே இணைத்தேன். எரியத் தொடங்கிய முதல் சில நொடிகளில் 0.9 அம்பியர் வரை ஏறியது. பிறகு சும்மா இருக்கும்போது 0.38, பிள்ளைகள் இருவர் வகுப்பும் ஒருவர் வீடியோவும் பார்க்கும்போது 0.55. சராசரியாக 0.5 என்று வைத்தால் 12 × 0.5 = 6 வாட். அளந்து முடிந்ததும் சிவப்பு வயரை வோல்ட் துளைக்குத் திருப்பி மாற்ற மறக்காதீர்கள். மறந்துபோய் அடுத்த முறை வோல்ட் பார்க்கப் போனால் அது நேரடிக் குறுக்குச்சுற்று.

பெட்டியில் 10.4 × 3.7 = 38.5 வாட்–மணி. 3.7ஐ 12 ஆக்கும்போது ஏற்படும் இழப்பையும், செல்லை அடிவரை இறக்காமல் பெட்டி தானே நிறுத்துவதையும் சேர்த்து 80 வீதம் கையில் வரும் என்று வைத்தேன். ஏறத்தாழ 31 வாட்–மணி. அதை 6ஆல் வகுத்தால் ஐந்து மணிநேரம் சொச்சம். முழுதாக ஏற்றிவிட்டுச் சுவர் ஆளியை அணைத்து நேரம் பார்த்தோம். 4 மணிநேரம் 40 நிமிடத்தில் அணைந்தது. புதுப் பெட்டிக்கு அது நேர்மையான அளவு.

உங்கள் பெட்டி இதே கணக்குக்குப் பாதிகூட வரவில்லையென்றால் மேலே எழுதிய எண் பொய்யாக இருக்கலாம். பெரும்பாலான பெட்டிகளில் இருப்பது 18650 என்ற விரல் நீளச் செல். நல்ல செல்லுக்கே வழக்கமாக ஏறத்தாழ 3,500 மில்லி அம்பியர் மணிதான் உச்சம், ஒன்றின் எடை ஏறத்தாழ 45 கிராம். 10,400 வரவேண்டுமானால் குறைந்தது மூன்று, வழக்கமாக நான்கு செல் வேண்டும். நான்கு செல் மட்டுமே 180 கிராம், வெளிக்கூடும் சுற்றுப் பலகையும் அதற்கு மேல். மரக்கறிக் கடைத் தராசில் வைத்து மொத்தம் 120 கிராம் காட்டினால் உள்ளே இரண்டு செல்தான் இருக்கிறது.

பெட்டிக்குள் போகும் மின்சாரத்துக்கு ரவுட்டரின் பழைய 1 அம்பியர் அடப்டரே போதுமா?

12 வோல்ட் 2 அம்பியர் அடப்டர் ஒன்று வாங்குங்கள். மின்சாரம் திரும்பி வந்ததும் அந்த அடப்டர் ரவுட்டரையும் ஓட்டவேண்டும், இறங்கிய பற்றரியையும் ஏற்றவேண்டும். 1 அம்பியரில் அரையை ரவுட்டரே எடுத்துவிடும். அடப்டர் சூடேறும், அல்லது அடுத்த வெட்டுக்குள் பற்றரி நிறையாது. பல மலிவான பெட்டிகள் சுவர் மின்சாரம் இருக்கும் நேரத்தில் உள்ளே வரும் வோல்ட்டை அப்படியே ரவுட்டருக்குக் கடத்திவிடுகின்றன. ஆகவே உள்ளே 15 வோல்ட் கொடுத்தால் வெளியேயும் 15 வரலாம். மின்சாரம் உள்ள நேரத்தில் ஒருமுறை, இல்லாத நேரத்தில் ஒருமுறை என்று வெளியீட்டை இரண்டு தரம் அளந்து பாருங்கள்.

வீட்டில் பவர் பாங்க் இருக்கிறது. 5 வோல்ட்டை 12 ஆக்கும் வயர் வாங்கினால் போதாதா?

9 வோல்ட் 0.6 அம்பியர் ரவுட்டருக்குப் பெரும்பாலும் போதும். 12 வோல்ட்டுக்குக் கணக்குப் பாருங்கள். 5 வோல்ட் 2 அம்பியர் என்றால் 10 வாட். வயரின் இழப்புப் போக 8.5 வாட் மிஞ்சும், 12 வோல்ட்டில் அது 0.7 அம்பியர். அக்கா வீட்டு ரவுட்டர் தொடக்கத்தில் 0.9 இழுத்தது நினைவிருக்கட்டும். பவர் பாங்க் அந்த நொடியில் வெட்டிக்கொள்ளும், ரவுட்டர் விளக்குகள் எரிந்து அணைந்து எரிந்து அணைந்து கொண்டே இருக்கும். அந்த அடையாளத்தைக் கண்டால் ரவுட்டர் பழுது என்று நினைக்காதீர்கள், சக்தி போதவில்லை.

இன்னொரு குறை உண்டு. பல பவர் பாங்குகள் சுவர் மின்சாரம் வரும்போதும் போகும்போதும் வெளியீட்டை ஒரு கணம் நிறுத்தும். அந்த ஒரு கணத்தில் ரவுட்டர் மறுபடி தொடங்கும், இரண்டு மூன்று நிமிடம் இணையம் இராது. பரீட்சை எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அது நீண்ட நேரம். வயரில் 9, 12 என்று மாற்றும் ஆளி இருந்தால் செருகும் முன் ஒவ்வொரு முறையும் அளக்கவேண்டும். சட்டைப்பையில் இருந்தபோதே அது நகர்ந்திருக்கும்.

ஃபைபர் பெட்டிக்கு 12 வோல்ட், உள்ளறை ரவுட்டருக்கு 9 வோல்ட். ஒரே பற்றரியில் இரண்டும் ஓடுமா?

9, 12 இரண்டு வெளியீடும் உள்ள பெட்டியில் ஓடும். இரண்டின் வாட்டையும் கூட்டி நேரத்தைக் கணக்கிடுங்கள். ஆபத்து வேறிடத்தில். இரண்டு துளைகளும் ஒரே அளவு, செருகிகளும் ஒரே அளவு. தூசி துடைக்கக் கழற்றியவர் மாற்றிச் செருகினால் 9 வோல்ட் ரவுட்டருக்குள் 12 போகும். 12 வோல்ட் வயரின் இரு நுனியிலும் துளை ஓரத்திலும் சிவப்பு நாடா, 9க்கு நீல நாடா ஒட்டிவிடுங்கள். நான் பொருத்தும் எல்லா வீட்டிலும் ஒட்டுகிறேன்.

எங்களிடம் சோலார் பற்றரி இருக்கிறது, அதுவும் 12 வோல்ட்தானே. நேராகக் கொடுக்கலாமா?

பெயர்தான் 12. நிறைந்து ஓய்ந்திருக்கும்போது அது 12.7. மதிய வெயிலில் சோலார் பலகை ஏற்றிக்கொண்டிருக்கும்போது 14.4 வரை போகும். இரவில் மின்விசிறியும் ஓடினால் 11.5க்குக் கீழே இறங்கும். ரவுட்டருக்குள் நுழைவாயிலில் உள்ள மின்தேக்கி பல ரவுட்டர்களில் 16 வோல்ட்டுக்கே உரியது. 14.4 உடனே கொல்லாது, ஆனால் பாதுகாப்பு எல்லை சுருங்கிவிடும். கீழே இறங்கும்போது முதலில் வைஃபை அறுபடும், பிறகு ரவுட்டர் தானாக மறுபடி தொடங்கும்.

நடுவில் வோல்ட்டை ஏற்றவும் இறக்கவும் தெரிந்த ஒரு டிசி மாற்றிப் பலகையைப் போடுங்கள். வெறுமனே இறக்கும் பலகை போதாது. அது 12 தருவதற்கு உள்ளே 13க்கு மேல் வரவேண்டும், இரவில் வராது. ரவுட்டரை இணைக்காமல் பலகையின் சிறு திருகைத் திருப்பி மீற்றரில் 12.0 வரச் செய்யுங்கள், திருகின் மேல் ஒரு துளி நகப்பூச்சு வைத்து அசையாமல் ஆக்குங்கள், பிறகு நேர்–மறை பார்த்து இணையுங்கள். பற்றரியின் நேர்முனைக்கு மிக அருகில் 2 அம்பியர் ஃபியூஸ் இருக்கவேண்டும். ஈய–அமிலப் பற்றரி குறுக்குச்சுற்றில் வயரைச் சிவக்கச் செய்யும் அளவுக்கு மின்னோட்டம் தரும். ஃபியூஸ் இல்லாமல் இந்த வேலையை நான் யாருக்கும் செய்து கொடுப்பதில்லை.

பெட்டியை எங்கே வைப்பது?

ரவுட்டருக்கு மேலே வைக்காதீர்கள், இரண்டின் சூடும் ஒன்றுசேரும். தகரக் கூரைக்கு அடுத்த பரண் வேண்டவே வேண்டாம். மே, ஜூன் மாதத்துப் பகலில் அங்கே கை வைக்க முடியாது, லிதியம் செல் அந்தச் சூட்டில் சீக்கிரம் கிழடாகும். சுவரோரம், தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்தில், காற்றுப் படும்படி, திரைச்சீலை மூடாத இடத்தில் வையுங்கள். மாதத்துக்கு ஒருமுறை அதைத் தட்டையான மேசையில் வைத்து அசைத்துப் பாருங்கள். முன்பு சமமாக நின்ற பெட்டி இப்போது தள்ளாடினால் உள்ளே செல் வீங்கியிருக்கலாம். உடனே சுவர் மின்சாரத்திலிருந்து கழற்றி வீட்டுக்கு வெளியே, எரியும் பொருள் இல்லாத இடத்தில் வையுங்கள். அதைக் குத்தவோ திறக்கவோ வேண்டாம்.

இடிமின்னல் நேரத்தில் பற்றரி எந்தப் பாதுகாப்பும் தராது. வானம் இருண்டால் அடப்டரைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். ரவுட்டர் பற்றரியில் ஓடிக்கொண்டிருக்கும். கூரைமேல் அன்ரெனா வைத்திருந்தால் அதன் வயரையும் ரவுட்டரிலிருந்து கழற்றுங்கள், மின்னல் அந்த வழியாகவும் இறங்கும். மல்லாவியில் அடப்டரைக் கழற்றி அன்ரெனாவை விட்ட ஒரு வீட்டில் ரவுட்டரின் சிம் பக்கம் முழுதும் கருகியிருந்தது, பற்றரிப் பெட்டி மட்டும் 12.1 வோல்ட் காட்டிக்கொண்டிருந்தது.